இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைக்கு நிகழ்தகவு அட்டவணை: தவறில்லாமல் போடும் முறை

இரண்டு பகடைகளை உருட்டினால் கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை எதுவாகவும் வரலாம். ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை வழி, என்ன பின்னம் என்று எழுதி, அடியில் ஒரு சரிபார்ப்புக் கூட்டல் போட வேண்டும். கேட்க எளிது. விடையைப் பார்த்துப் படியெடுத்தால் அதுவும் எளிதுதான். வெறும் தாளில் தனியாகப் போட உட்கார்ந்தபோதுதான் நான் திணறினேன். 36 எங்கிருந்து வருகிறது, (2,5)-உம் (5,2)-உம் ஏன் இரண்டாகக் கணக்கில் வருகின்றன, அடியில் 1 வந்துவிட்டால் அட்டவணை சரி என்று நம்பலாமா என்ற மூன்று கேள்விகளிலும் நெடுநேரம் சிக்கி நின்றேன். மூன்றாவது கேள்விக்குப் பதில் "நம்ப முடியாது" என்பது. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் அதிகமாகவே எழுதியிருக்கிறேன்.

## 1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும்

ஒரு கட்டம் போட்ட தாள், இரண்டு நிறப் பேனா. இவை போதும். பகடை கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது. முதல்முறை போடுபவருக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் பாதி கட்டத்தை நிரப்பி எண்ணுவதற்கு, மீதி சரிபார்ப்புக்கு. பழகிவிட்டால் முழு அட்டவணையும் பத்து நிமிட வேலை.

நேரம் குறைவாக இருக்கிறது என்று கட்டம் போடாமல் நேரே பட்டியல் எழுதத் தொடங்காதீர்கள். பட்டியலில் ஒரு சோடி விடுபட்டால் கண்ணுக்குத் தெரியாது. கட்டத்தில் விடுபட்டால் அந்த இடம் காலியாக உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

## 2. எதையும் எண்ணுவதற்கு முன் 36-ஐ எழுதி வையுங்கள்

ஒரு பகடையைச் சிவப்பு என்றும் மற்றதை நீலம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பில் 6 முகம். அதில் எது விழுந்தாலும் நீலத்தில் 6 முகமும் விழக்கூடும். ஆகவே 6 × 6 = 36 விளைவுகள். பகடைகள் சீரானவை என்றால் இந்த 36-உம் சம வாய்ப்புள்ளவை.

இந்த 36-ஐத் தாளின் மேல் மூலையில் எழுதி வட்டமிட்டு வைத்துவிடுங்கள். இதுதான் எல்லாப் பின்னங்களுக்கும் பகுதி. கடைசியில் எண்ணிக்கைகளைக் கூட்டிப் பார்த்து பகுதியை முடிவு செய்வது என்று இருக்கவே கூடாது. காரணம் 6-ஆம் படியில் வருகிறது.

இங்கே எல்லோருக்கும் எழும் சந்தேகம் ஒன்று உண்டு. இரண்டு பகடையும் ஒரே நிறமாக, பார்க்க ஒன்றுபோலவே இருந்தால் (5,6)-உம் (6,5)-உம் ஒன்றுதானே? பார்ப்பவருக்கு ஒன்றுதான். விழுகிற பகடைக்கு அப்படி இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக உருட்டிப் பார்த்தால் இது தெளிவாகும். 11 வேண்டும் என்றால் முதல் பகடையில் 5 விழுந்தாலும் வழி திறந்திருக்கிறது, 6 விழுந்தாலும் திறந்திருக்கிறது. 12 வேண்டும் என்றால் முதலில் 6 விழுந்தே ஆக வேண்டும். வேறு எது விழுந்தாலும் கதை அங்கேயே முடிந்தது. ஆகவே 11-க்கு இரண்டு வழி, 12-க்கு ஒரே வழி. பகடைக்குச் சாயம் பூசுவதால் அது விழும் விதம் மாறுவதில்லை. ஆகவே நிறம் இல்லாத பகடைக்கும் இதே கணக்குதான்.

## 3. கட்டத்தை நிரப்புங்கள்

மேலே சிவப்புப் பகடையின் 1 முதல் 6 வரை, இடப்பக்கம் நீலப் பகடையின் 1 முதல் 6 வரை எழுதுங்கள். உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டின் கூட்டுத்தொகை.

| நீலம் ↓ சிவப்பு → | 1 | 2 | 3 | 4 | 5 | 6 |
|---|---|---|---|---|---|---|
| 1 | 2 | 3 | 4 | 5 | 6 | 7 |
| 2 | 3 | 4 | 5 | 6 | 7 | 8 |
| 3 | 4 | 5 | 6 | 7 | 8 | 9 |
| 4 | 5 | 6 | 7 | 8 | 9 | 10 |
| 5 | 6 | 7 | 8 | 9 | 10 | 11 |
| 6 | 7 | 8 | 9 | 10 | 11 | 12 |

தலைப்பு எண்களை ஒரு நிறத்திலும் உள்ளே இருக்கும் தொகைகளை வேறு நிறத்திலும் எழுதுங்கள். இரண்டாவது பேனா இதற்குத்தான். ஒரே மையில் எழுதினால், எண்ணும்போது தலைப்பில் இருக்கும் 5-உம் 6-உம் கணக்கில் புகுந்துவிடும்.

ஒரே தொகைகள் எல்லாம் சரிவாக, மூலைவிட்டப் போக்கில் அணிவகுத்து நிற்பதைப் பாருங்கள். மிக நீளமான சரிவு 7. அது இடப்பக்க அடி மூலையிலிருந்து வலப்பக்க மேல் மூலைவரை போகிறது. எந்தச் சரிவாவது நடுவில் முறிந்தால் அந்த இடத்தில் ஒரு கூட்டல் தப்பு.

## 4. சரிவு சரிவாக எண்ணுங்கள்

2-இல் தொடங்கி ஒவ்வொரு சரிவாக எண்ணி, எண்ணிய கட்டங்களின் மேல் லேசாக ஒரு கோடு இழுங்கள். 2-க்கு 1 கட்டம், 3-க்கு 2, 4-க்கு 3, 5-க்கு 4, 6-க்கு 5, 7-க்கு 6. அதன்பின் அதே வரிசையில் இறங்கும்: 8-க்கு 5, 9-க்கு 4, 10-க்கு 3, 11-க்கு 2, 12-க்கு 1. முடிக்கும்போது கோடு விழாத கட்டம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

தப்பு அதிகம் நடப்பது இரட்டைச் சோடிகளில்: (1,1), (2,2), (3,3) போன்றவை. "மற்ற சோடிகளை இரண்டு முறை எண்ணினோமே, (3,3)-ஐயும் இரண்டு முறை எண்ண வேண்டாமா?" என்று தோன்றும். வேண்டாம். சிவப்பில் 3, நீலத்தில் 3 என்பதற்குக் கட்டத்தில் ஒரே இடம்தான் இருக்கிறது. விரல் வைத்துப் பாருங்கள். இடத்தை மாற்றிப் போட்டாலும் அதே கட்டத்துக்குத்தான் வந்து சேருவீர்கள். (2,5)-க்கு அப்படி இல்லை, மாற்றிப் போட்டால் விரல் வேறொரு கட்டத்துக்குப் போகும். இந்த ஒரு செயல் எனக்கு எந்த விளக்கத்தையும் விட அதிகம் உதவியது.

## 5. பின்னங்களை எழுதுங்கள், உடனே சுருக்காதீர்கள்

எண்ணிக்கை தொகுதி, வட்டமிட்டு வைத்த 36 பகுதி. இப்போது முழு அட்டவணை:

| கூட்டுத்தொகை | எண்ணிக்கை | பின்னம் | சுருக்கியது |
|---|---|---|---|
| 2 | 1 | 1/36 | 1/36 |
| 3 | 2 | 2/36 | 1/18 |
| 4 | 3 | 3/36 | 1/12 |
| 5 | 4 | 4/36 | 1/9 |
| 6 | 5 | 5/36 | 5/36 |
| 7 | 6 | 6/36 | 1/6 |
| 8 | 5 | 5/36 | 5/36 |
| 9 | 4 | 4/36 | 1/9 |
| 10 | 3 | 3/36 | 1/12 |
| 11 | 2 | 2/36 | 1/18 |
| 12 | 1 | 1/36 | 1/36 |
| மொத்தம் | 36 | 36/36 = 1 | |

சுருக்கிய பின்னத்துக்குத் தனி நிரல் வையுங்கள். சுருக்காததை அழித்துவிட்டு அதன்மேல் எழுத வேண்டாம். எல்லாம் 36-இன் மேல் இருக்கும்போது தொகுதிகளை மட்டும் கூட்டினால் போதும், சரிபார்ப்பு ஒரு வரியில் முடியும். சுருக்கிவிட்டால் 1/18, 1/12, 1/9 என்று கலவையாகி, கூட்டுவதற்கு மறுபடியும் 36-க்கே கொண்டுவர வேண்டும். சுருக்கிய வடிவில் ஒப்பிடுவதும் சிரமம். 1/9-உம் 5/36-உம் பக்கத்தில் இருந்தால் எது பெரியது என்று நின்று யோசிக்க வேண்டும். 4/36, 5/36 என்றால் பார்த்தவுடன் தெரியும்.

தசமம் கேட்டால் அதற்கு இன்னொரு நிரல். ஆனால் சரிபார்ப்புக் கூட்டலை அந்த நிரலில் போடாதீர்கள். நான்கு தசம இடங்களுக்கு முழுமையாக்கினால் 0.0278, 0.0556, 0.0833, 0.1111, 0.1389, 0.1667 என்று வரும். பதினொன்றையும் கூட்டினால் 1.0001 கிடைக்கும். இரண்டு இடங்களுக்கு முழுமையாக்கினால் 1.01. அட்டவணையில் பிழை ஒன்றும் இல்லை, முழுமையாக்கியதால் வந்த உபரி அது. அதைச் சரிக்கட்ட ஏதாவது ஒரு எண்ணின் கடைசி இலக்கத்தைக் குறைத்து எழுதினால்தான் பிழை உள்ளே வரும். தசமத்தை அப்படியே விட்டுவிட்டு, கூட்டலைப் பின்னத்தில் காட்டுங்கள்.

## 6. சரிபார்ப்புக் கூட்டல் எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும்

எண்ணிக்கை நிரலைக் கூட்டுங்கள்: 1+2+3+4+5+6+5+4+3+2+1 = 36. வட்டமிட்டு வைத்த எண்ணும் 36. பொருந்துகிறது. எண்ணும்போது ஒரு கட்டம் தவறியிருந்தால் இங்கே 35 வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

இந்தச் சோதனைக்கு வலு இருப்பதற்குக் காரணம், இரண்டு 36-உம் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. ஒன்று பெருக்கலில் வந்தது, மற்றது எண்ணிக் கூட்டியதில் வந்தது. பகுதியையும் எண்ணிக்கைகளைக் கூட்டியே எடுத்திருந்தால் இரண்டும் ஒரே எண்தான். அப்போது விடை எப்போதும் 1 வரும், அட்டவணை எவ்வளவு தப்பாக இருந்தாலும்.

ஒரு தப்பான அட்டவணையை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். (2,5)-உம் (5,2)-உம் ஒன்றே என்று ஒருவர் நினைக்கிறார். அவருக்கு 2-க்கு 1 வழி, 3-க்கு 1, 4-க்கு 2, 5-க்கு 2, 6-க்கு 3, 7-க்கு 3, 8-க்கு 3, 9-க்கு 2, 10-க்கு 2, 11-க்கு 1, 12-க்கு 1 கிடைக்கும். கூட்டினால் 21. "ஆக மொத்தம் 21 விளைவுகள்" என்று அதையே பகுதியாக வைக்கிறார். 1/21, 1/21, 2/21 என்று போய் அடியில் 21/21 = 1. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் 7-க்கு 3/21, அதாவது 1/7 என்கிறது. உண்மையில் அது 1/6. 11-உம் 12-உம் சம வாய்ப்பு என்கிறது. உண்மையில் 11 இரண்டு மடங்கு.

இரட்டைச் சோடிகளை இரண்டு முறை எண்ணுபவருக்கும் இதே விபத்துதான். அவருக்கு மொத்தம் 42 வரும், 42/42 = 1. பின்னங்களைச் சுருக்கிப் பார்த்தால் 21-காரரின் அட்டவணையேதான் அது.

இவர்கள் இருவரும் 36-ஐ முன்பே எழுதி வைத்திருந்தால் 21/36 என்றோ 42/36 என்றோ வந்து கண்ணைக் குத்தியிருக்கும். 36-ஐ முதலில் எழுதச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

## 7. இன்னொரு சோதனை: ஒற்றையும் இரட்டையும்

பலர் இரண்டாவது சோதனையாகச் சராசரியைக் கணக்கிடச் சொல்வார்கள். ஒவ்வொரு தொகையையும் அதன் எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 252. 36-ஆல் வகுத்தால் 7. நல்ல சோதனைதான். ஆனால் மேலே பார்த்த 21-காரரின் அட்டவணைக்கும் சராசரி 7 தான் வரும், ஏனென்றால் அதுவும் 7-இன் இருபுறமும் சமமாக இறங்குகிறது. பதினொரு தொகைக்கும் ஆளுக்கு 1/11 என்று எழுதினாலும் சராசரி 7-ஏ. நமக்கு வேண்டிய பிழையை அது பிடிக்காது.

அதைப் பிடிப்பது இதைவிட எளிய ஒன்று. இரட்டைப்படைத் தொகைகளின் எண்ணிக்கைகளை மட்டும் கூட்டுங்கள். 2, 4, 6, 8, 10, 12 ஆகியவற்றுக்கு 1+3+5+5+3+1 = 18. சரியாகப் பாதி. பாதியாகத்தான் இருக்க வேண்டும்: சிவப்பில் என்ன விழுந்தாலும் சரி, நீலத்தில் மூன்று ஒற்றைப்படை, மூன்று இரட்டைப்படை. அதில் மூன்று முகங்கள் தொகையை இரட்டைப்படையாக்கும், மற்ற மூன்றும் ஒற்றைப்படையாக்கும்.

இப்போது 21-காரரின் அட்டவணையில் இதைச் செய்யுங்கள். 1+2+3+3+2+1 = 12. 21-இல் 12 என்பது பாதி இல்லை. மாட்டிக்கொண்டது. 1/11 அட்டவணையில் 6/11 வரும், அதுவும் மாட்டும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. 6-க்குரிய ஒரு கட்டத்தைத் தவறுதலாக 8-இல் சேர்த்து எண்ணிவிட்டால் மொத்தம் 36 மாறாது, இரட்டைப்படை 18-உம் மாறாது. அதற்குச் சமச்சீர் பாருங்கள்: 2-உம் 12-உம், 3-உம் 11-உம், 6-உம் 8-உம் சோடி சோடியாக ஒரே எண்ணிக்கை காட்ட வேண்டும். ஒவ்வொரு பகடையிலும் விழுந்த எண்ணை 7-லிருந்து கழித்து மாற்றினால் 6 தரும் விளைவு 8 தரும் விளைவாகிவிடும் என்பதால் இந்தச் சமன். மொத்தம், ஒற்றை இரட்டை, சமச்சீர் மூன்றையும் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது.

## 8. கணினியில் போடுபவர்களுக்கு

விரிதாளில் A2:A7-இல் நீலம் 1–6, B1:G1-இல் சிவப்பு 1–6, I2:I12-இல் தொகைகள் 2–12 என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு:

```
B2:  =$A2+B$1
J2:  =COUNTIF($B$2:$G$7,I2)
J13: =SUM(J2:J12)
K2:  =J2/36
K13: =SUM(K2:K12)
```

B2-ஐ G7 வரையிலும், J2-ஐயும் K2-ஐயும் 12-ஆம் வரிசை வரையிலும் இழுத்து நிரப்புங்கள்.

K2-இல் `=J2/36` என்று போடுங்கள். `=J2/$J$13` என்று போட்டால் K13 எப்போதும் 1 காட்டும். 6-ஆம் படியில் சொன்ன பொறி இங்கே சூத்திர வடிவில் காத்திருக்கிறது.

COUNTIF-இல் `$` குறிகளை விட்டால், இழுக்கும்போது எண்ணும் பகுதியும் ஒவ்வொரு வரிசையாகக் கீழே நழுவும். அப்போது எண்ணிக்கை 2 முதல் 7 வரை 1, 1, 1, 1, 1, 1 என்றும், அதன்பின் எல்லாம் 0 என்றும் வரும். J13-இல் 36-க்குப் பதில் 6 தெரிந்தால் இதுதான் காரணம் என்று உடனே சொல்லிவிடலாம்.

பின்னத்தைக் கையால் `3/36` என்று தட்டினால் பல விரிதாள்கள் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளும். முன்னால் சமக்குறி போட்டு `=3/36` என்று கொடுங்கள். எக்செலில் சாதாரணப் பின்ன வடிவம் 3/36-ஐ 1/12 என்று சுருக்கிக் காட்டிவிடும். சுருக்காமல் நிற்க வேண்டுமென்றால் தனிப்பயன் எண் வடிவமாக `??/36` என்று கொடுங்கள்.

## 9. அட்டவணையிலிருந்து விடை எடுக்கும்போது

"கூட்டுத்தொகை குறைந்தது 10" என்றால் 10, 11, 12 மூன்றும் சேரும்: 3+2+1 = 6, ஆக 6/36 = 1/6. "10-ஐ விட அதிகம்" என்றால் 10 சேராது: 2+1 = 3, ஆக 3/36 = 1/12. ஒரு சொல் மாறினால் விடை பாதியாகிறது. கேள்வியைப் படித்ததும் எந்தெந்த வரிசைகள் சேரும் என்று அட்டவணையில் குறியிட்டுவிட்டுக் கூட்டத் தொடங்குங்கள். சுருக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளலாம்.

## 10. பகடை மாறினால்

ஒரு பகடைக்கு 4 முகம், மற்றதற்கு 6 முகம் என்றால் வட்டமிட வேண்டியது 4 × 6 = 24. தொகை 2 முதல் 10 வரை. எண்ணிக்கை 1, 2, 3, 4, 4, 4, 3, 2, 1, கூட்டினால் 24. இரட்டைப்படை 1+3+4+3+1 = 12, பாதி. எல்லாம் அதே முறை.

ஒற்றை இரட்டைச் சோதனை பாதி காட்ட வேண்டுமானால், ஏதாவது ஒரு பகடையிலாவது ஒற்றைப்படை முகங்களும் இரட்டைப்படை முகங்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். இரண்டுமே 1 முதல் 5 வரை எண் உள்ள பகடைகள் என்றால் 25 கட்டங்களில் 13 இரட்டைப்படையாக வரும், அது பிழை அல்ல. பகடை சீராக இல்லாமல் ஒரு முகம் அதிகம் விழுமானால் கட்டம் போடலாம், ஆனால் கட்டங்களை எண்ண முடியாது. அப்போது ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பகடைகளின் நிகழ்தகவுகளைப் பெருக்கி எழுதி, சரிவு சரிவாக அவற்றைக் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலும் அடியில் 1-க்கு வர வேண்டும்.